ஏழாம் அத்தியாயத்தை ஒரே தாளில் சுருக்கும்போது நிபந்தனைகளை எப்படி எழுதுவது?

வரைதாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் ஏழாம் அத்தியாயமான "வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்" முழுவதையும் ஒரே ஏ4 தாளின் ஒரு பக்கத்திற்குள் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். இடப்பக்கம் விதி, வலப்பக்கம் அது செல்லுபடியாகும் நிபந்தனை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்திருக்கிறேன். எழுதி முடித்துப் பார்த்தால், வலப்பக்கத்தில் ஏறத்தாழ எல்லா வரியிலும் "f தொடர்ச்சியானது, வகையிடத்தக்கது" என்ற ஒரே சொற்றொடர்தான் திரும்பத் திரும்ப இருக்கிறது. கணக்குப் போடும்போது அந்தப் பத்தி எனக்கு எந்த வகையிலும் வழிகாட்டவில்லை.

இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன். முதலாவது, x → 1 எனும்போது (x² + x − 2)/(x² − 1) என்பதன் எல்லை. என் வகுப்புத் தோழி லோபிதாலின் விதியை இரண்டு முறை பயன்படுத்தி 1 என்கிறாள். காரணிப்படுத்தினால் 3/2 வருகிறது. இரண்டாவது, x → ∞ எனும்போது (x + sin x)/x என்பதன் எல்லை. வகையிட்டால் 1 + cos x வருகிறது, அது எதையும் நெருங்குவதில்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் விடை 1 என்றே தெரிகிறது. இந்த இரண்டிலும் விதியின் எந்த நிபந்தனை எந்த இடத்தில் முறிகிறது என்பது என் தாளிலிருந்து தெரியவேண்டும். அதற்கு வலப்பக்கத்தை எப்படி எழுதவேண்டும்?

---

எப்சிலான் எழுதியது:

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். நிபந்தனைப் பத்தி பயன்படாமல் போவதற்குக் காரணம், அதில் பண்பின் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பண்பு எங்கே வேண்டும் என்பதும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இல்லை. "தொடர்ச்சியானது" என்பது முழு நிபந்தனை ஆகாது. மூடிய இடைவெளியிலா, திறந்த இடைவெளியிலா, ஒரே புள்ளியிலா, அந்தப் புள்ளியை விட்டுவிட்டு அதன் அருகிலா என்று இடத்தைச் சொன்ன பிறகுதான் அது சரிபார்க்கக்கூடியதாகிறது.

உங்கள் இரண்டு கணக்குகளையும் லோபிதாலின் விதியை முழுமையாக எழுதிப் பார்த்தால் பிரித்தறியலாம். x → a எனும்போது f, g இரண்டும் 0 ஐ நெருங்கவேண்டும், அல்லது g இன் எண்ணளவு வரம்பின்றிப் பெருகவேண்டும். a வின் அருகில், a ஐத் தவிர்த்து, இரண்டும் வகையிடத்தக்கவையாக இருக்கவேண்டும். அதே அருகாமையில் g′ எங்கும் பூச்சியமாகக் கூடாது. இவற்றோடு f′/g′ க்கு ஓர் எல்லை இருக்கவேண்டும், அது ∞ அல்லது −∞ ஆக இருந்தாலும் சரி. இவையெல்லாம் நிறைவேறினால் f/g க்கும் அதே எல்லைதான்.

முதல் கணக்கில் ஒருமுறை வகையிட்டால் (2x + 1)/(2x) கிடைக்கிறது. x → 1 எனும்போது இதன் தொகுதி 3 ஐயும் பகுதி 2 ஐயும் நெருங்குகின்றன. ஆகவே இது தேறப்பெறாத வடிவமே அல்ல, விடை 3/2. உங்கள் தோழி இங்கே மறுபடியும் வகையிட்டு 2/2 என்று எழுதியிருக்கிறார். முதல் நிபந்தனை தொடக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மறந்துவிடக்கூடியதன்று, ஒவ்வொரு முறை வகையிடுவதற்கு முன்னும் புதிதாகச் சரிபார்க்கவேண்டியது. தாளில் அந்த நிபந்தனைக்குப் பக்கத்திலேயே "ஒவ்வொரு படியிலும்" என்று எழுதுங்கள்.

இரண்டாவது கணக்கில் முறிவது கடைசி நிபந்தனை. f′/g′ = 1 + cos x என்பதற்கு எல்லை இல்லை; ஆகவே விதி இந்தக் கணக்கைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. x ஆல் வகுத்து 1 + (sin x)/x என்று எழுதினால் விடை 1 என்பது உடனே தெரிந்துவிடும்.

---

கடைசி வரிசை எழுதியது:

இவ்வளவு நீளமாக எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. 0/0 அல்லது ∞/∞ என்று எழுதிவிட்டு, வகையிடவேண்டும் என்று குறித்தால் போதுமானது. வகையிட்ட பின் எல்லை கிடைத்தால் அதுவே விடை. கிடைக்காவிட்டால் "எல்லை இல்லை" என்பதே விடை. நான் தனிப்பயிற்சி வகுப்பில் இப்படித்தான் கற்றேன், பெரும்பாலான கணக்குகளுக்கு இது சரியாகவே வருகிறது.

---

எப்சிலான் எழுதியது:

நீங்கள் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. மேலே உள்ள (x + sin x)/x என்பதே அதற்குச் சான்று. வகையிட்ட பின் எல்லை இல்லை, மூலக் கணக்கிற்கோ எல்லை உண்டு. "எல்லை இருந்தால்" என்ற நிபந்தனை முறியும்போது விதி மௌனமாகிவிடுகிறது, எதிர்மறையான விடையைத் தருவதில்லை. இந்த அத்தியாயத்தில் உள்ள தேற்றங்கள் அனைத்துமே இப்படிப்பட்டவை. நிபந்தனைகள் நிறைவேறினால் முடிவு உறுதி. நிறைவேறாவிட்டால் முடிவு நிகழலாம், நிகழாமலும் போகலாம்.

இதைக் கருத்தில் கொண்டு வரைதாள் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாளில் மூன்றாவதாக ஒரு குறுகிய பத்தி சேருங்கள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே, அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் முடிவு பொய்த்துப்போகும் ஒரு சார்பை எழுதுங்கள். அப்படி ஒரு சார்பு கிடைத்துவிட்டால் அந்த நிபந்தனை ஏன் அங்கே இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

---

டிப்ளமோ இரண்டாமாண்டு எழுதியது:

நானும் இதே போன்ற ஒரு சூத்திரத் தாளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குத் தொகையிடல் சூத்திரங்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. யாராவது தயாரித்து வைத்திருந்தால் அனுப்ப முடியுமா? நிபந்தனை எதுவும் எங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். Xⁿ க்கு மட்டும் n ≠ −1 என்று இருக்கும்.

---

முதுகலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, இங்கே பேசப்படுவது வகையிடலின் பயன்பாடுகள். ஆயத்தத் தாளைப் பரிமாறிக்கொள்வதும் இந்த இழையின் நோக்கமன்று. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட வரியிலேயே ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது. ∫(1/x)dx = log|x| + c என்பது x > 0 என்ற இடைவெளியிலோ x < 0 என்ற இடைவெளியிலோ தனித்தனியே பொருந்துவது. −1 இலிருந்து 1 வரை வரையறுத்த தொகையிட அதைப் பயன்படுத்தினால், log 1 − log 1 = 0 என்று ஒரு பொருளற்ற விடை வரும். இடையில் 0 இருப்பதால் அங்கே சூத்திரத்திற்கு இடமில்லை. உங்கள் அறுபது சூத்திரங்களிலும் இப்படிச் சில இருக்கும், தேடிப் பாருங்கள்.

இனி வரைதாளின் கேள்விக்கு வருகிறேன். மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக இந்த அத்தியாயத்தை நடத்திவருகிறேன். தாளின் வரிசையைப் புத்தகத்தின் வரிசையில் அமைக்கவேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. லெக்ராஞ்சியின் சராசரி மதிப்புத் தேற்றத்தைத் தாளின் நடுவில் எழுதுங்கள். f′ > 0 எனில் ஏறும் சார்பு, f′ < 0 எனில் இறங்கும் சார்பு, f′ = 0 எனில் மாறிலி ஆகிய மூன்றும் அதிலிருந்தே பிறக்கின்றன; ஆகவே அதன் நிபந்தனையும் அவற்றுக்கு வந்துசேர்கிறது. அந்த நிபந்தனையில் மாணவர்கள் எப்போதும் தவறவிடும் சொல் "இடைவெளி".

−1/x என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் வகைக்கெழு 1/x², வரையறுக்கப்பட்ட எல்லாப் புள்ளிகளிலும் மிகை எண். ஆனால் x = −1 இல் சார்பின் மதிப்பு 1, x = 1 இல் −1. வலப்புறம் நகர நகர மதிப்பு ஏறவேண்டிய சார்பு இறங்கியிருக்கிறது. காரணம், −1 ஐயும் 1 ஐயும் இணைக்கும் இடைவெளியில் 0 இருக்கிறது, அங்கே சார்பு இல்லை. ஆகவே அந்த இரு புள்ளிகளுக்கு இடையே தேற்றத்தைப் பயன்படுத்த வழியில்லை. "எல்லா x க்கும் f′(x) > 0, ஆகவே ஏறும் சார்பு" என்று எழுதும் விடைத்தாள்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். "ஓர் இடைவெளி முழுவதும்" என்று எழுதுவதற்கு எவ்வளவு இடம் பிடித்துவிடும்?

---

எப்சிலான் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு மாறிலிக்கும் ஒரு சார்பைச் சேர்க்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தமானது. tan⁻¹x + tan⁻¹(1/x) என்பதை வகையிட்டால் 1/(1 + x²) − 1/(1 + x²) = 0 என்று வருகிறது. ஆகவே இது மாறிலி என்று சொல்லி, x = 1 ஐப் பிரதியிட்டு π/2 என்று எழுதிவிடுகிறார்கள். x = −1 ஐப் பிரதியிட்டால் −π/2 வரும். x > 0 என்ற இடைவெளியில் அது ஒரு மாறிலி, x < 0 என்ற இடைவெளியில் வேறொரு மாறிலி. "இடைவெளி" என்ற ஒரு சொல்லுக்காக இந்தச் சார்பை மூன்றாம் பத்தியில் எழுதலாம்.

---

வரைதாள் எழுதியது:

ஐயா இருவருக்கும் நன்றி. சராசரி மதிப்புத் தேற்றத்தை நடுவில் வைத்து மறுபடியும் எழுதத் தொடங்கிவிட்டேன். ரோலின் தேற்றத்திற்கு நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நிபந்தனை ஒன்று, [a, b] என்ற மூடிய இடைவெளியில் f தொடர்ச்சியானது. இதை நீக்கினால் பொய்த்துப்போகும் சார்பு [0, π] இல் tan x. அதற்கு tan 0 = tan π = 0; ஆனால் π/2 இல் தொடர்ச்சி இல்லை, வகைக்கெழுவான sec²x எங்கும் பூச்சியமாவதில்லை. நிபந்தனை இரண்டு, (a, b) என்ற திறந்த இடைவெளியில் f வகையிடத்தக்கது. இதை நீக்கினால் [−1, 1] இல் |x|. நிபந்தனை மூன்று, f(a) = f(b); இதை நீக்கினால் [0, 1] இல் f(x) = x.

எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. தொடர்ச்சி மூடிய இடைவெளியில் கேட்கப்படுகிறது, வகையிடத்தக்க தன்மை மட்டும் ஏன் திறந்த இடைவெளியில் கேட்கப்படுகிறது? இரண்டையும் மூடிய இடைவெளியில் கேட்டால் தாளில் ஒரே வரியாகச் சுருக்கிவிடலாமே?

---

எப்சிலான் எழுதியது:

சுருக்கினால் தேற்றம் தவறாகிவிடாது, ஆனால் சில நல்ல சார்புகள் அதன் கைக்கு எட்டாமல் போய்விடும். [−1, 1] இல் √(1 − x²) ஐப் பாருங்கள். இது அரைவட்டம், இரு முனைகளிலும் தொடுகோடு செங்குத்தாக நிற்பதால் அங்கே வகைக்கெழு இல்லை. ஆனாலும் முனைகளில் மதிப்பு சமம், உள்ளே எல்லா இடத்திலும் வகையிடத்தக்கது, x = 0 இல் வகைக்கெழு பூச்சியம். தேற்றம் இதற்குப் பொருந்தவேண்டும் என்பதற்காகவே நிபந்தனை திறந்த இடைவெளியோடு நின்றுவிடுகிறது. மறுபுறம், தொடர்ச்சியையும் திறந்த இடைவெளியோடு நிறுத்த முடியாது. 0 < x ≤ 1 எனில் f(x) = x, f(0) = 1 என்று வரையறுத்தால் f(0) = f(1), திறந்த இடைவெளியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் வகைக்கெழு எங்கும் 1. முனையில் தொடர்ச்சி இல்லாததே காரணம்.

உங்கள் tan x எடுத்துக்காட்டில் ஒரு குறை உண்டு. π/2 இல் தொடர்ச்சி மட்டுமன்றி வகையிடத்தக்க தன்மையும் இல்லை; ஆகவே அது ஒரு நிபந்தனையை மட்டும் நீக்கும் சார்பு ஆகாது. நான் மேலே எழுதிய சார்பு தொடர்ச்சியை மட்டும் தனியே முறிக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

---

கடைசி வரிசை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், எல்லை பற்றி நான் சொன்னது பொருந்தாது. ஆனால் [−1, 1] இல் x³ க்கு f(−1) = −1, f(1) = 1; மூன்றாம் நிபந்தனை இல்லை. இருந்தும் x = 0 இல் வகைக்கெழு பூச்சியம். அப்படியானால் ரோலின் தேற்றம் இங்கே பொருந்துகிறதா, இல்லையா? தேர்வில் "பொருந்தாது" என்று எழுதவேண்டுமா, "c = 0" என்று எழுதவேண்டுமா?

---

முதுகலை ஆசிரியர் எழுதியது:

"f(−1) ≠ f(1), ஆகவே ரோலின் தேற்றத்தைப் பயன்படுத்த இயலாது" என்று எழுதி நிறுத்துங்கள். c = 0 இல் வகைக்கெழு பூச்சியமாவது உண்மை; ஆனால் அது தேற்றத்தால் வந்த உண்மை அன்று. "பயன்படுத்த இயலாது" என்பதற்கும் "அத்தகைய c இல்லை" என்பதற்கும் உள்ள இடைவெளியை விடைத்தாளில் காப்பாற்றுவது அவசியம். இரண்டாவது வாக்கியத்தை எழுதினால், x³ இன் விஷயத்தில் அது பொய்யாகிவிடும்.

பெருமம், சிறுமம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. மாணவர்கள் அதிகமாகச் சறுக்குவது அங்கேதான், ஆகவே ஒரு கணக்கை முழுமையாகச் செய்து காட்டுகிறேன். [−1, 8] இல் f(x) = x^(2/3) என்பதன் மீப்பெரு, மீச்சிறு மதிப்புகளைக் காணவேண்டும். f′(x) = 2/(3x^(1/3)). இதைப் பூச்சியத்திற்குச் சமப்படுத்தினால் தீர்வே கிடையாது, ஏனெனில் தொகுதி 2. "f′(x) = 0 எனும் புள்ளிகளையும் முனைகளையும் சோதிக்கவும்" என்று மட்டும் தாளில் எழுதியிருக்கும் மாணவர் முனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, f(−1) = 1, f(8) = 4, ஆகவே மீச்சிறு மதிப்பு 1 என்று முடிப்பார். உண்மையில் f(0) = 0, அதுவே மீச்சிறு மதிப்பு. x = 0 இல் வகைக்கெழு இல்லை, வரைபடம் அங்கே கூரான முனையாகக் கீழிறங்கித் திரும்புகிறது.

ஆகவே தாளில் மூன்று வகைப் புள்ளிகளும் இருக்கவேண்டும்: f′ பூச்சியமாகும் உட்புள்ளிகள், f′ இல்லாத உட்புள்ளிகள், இரு முனைகள். இவற்றைச் சோதித்தால் போதும் என்று சொல்லும் உரிமை, மூடிய இடைவெளியில் f தொடர்ச்சியானது என்பதிலிருந்து வருகிறது. திறந்த இடைவெளியாகக் கொடுத்துவிட்டால் மீப்பெரு மதிப்பே இல்லாமல் போகலாம்; (0, 1) இல் f(x) = x என்பதற்கு இரண்டுமே இல்லை.

இரண்டாம் வகைக்கெழுச் சோதனைக்கு f′(c) = 0, f″(c) ≠ 0 என்ற இரண்டும் வேண்டும். f″(c) = 0 எனில் சோதனை வாய் திறப்பதில்லை. x = 0 இல் x⁴ க்குச் சிறுமம், −x⁴ க்குப் பெருமம், x³ க்கு இரண்டும் இல்லை; மூன்றுக்கும் முதல், இரண்டாம் வகைக்கெழுக்கள் அங்கே பூச்சியம். அப்போது c இன் இரு புறமும் f′ இன் குறியைப் பார்க்கும் முதல் சோதனைக்குத் திரும்பவேண்டும். "f″(c) = 0 எனில் முதல் சோதனை" என்று ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

---

வரைதாள் எழுதியது:

x^(2/3) கணக்கை நானே முதலில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் படித்தேன். "f′ இல்லாத உட்புள்ளிகள்" என்பதைச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

லோபிதாலின் விதிக்குத் திரும்பி வருகிறேன். எப்சிலான் ஐயா நான்கு நிபந்தனைகள் சொன்னீர்கள். முதலாவதற்கும் நான்காவதற்கும் சார்புகள் கிடைத்துவிட்டன. "g′ எங்கும் பூச்சியமாகக் கூடாது" என்பதற்கு எவ்வளவு முயன்றும் ஒரு சார்பு கிடைக்கவில்லை. f′/g′ க்கு எல்லை இருந்தாலே பகுதி பூச்சியமாகாது என்று பொருள் ஆகிவிடாதா?

---

எப்சிலான் எழுதியது:

கூர்மையான கேள்வி. f′/g′ என்ற பின்னத்தைச் சுருக்காமல் வைத்துக்கொண்டால் நீங்கள் சொல்வதே சரி. சிக்கல் பொதுக் காரணியை நீக்கும்போது வருகிறது. ஆஸ்திரியக் கணிதவியலாளர் ஓட்டோ ஷ்டோல்ஸ் 1879 இல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்தார். x → ∞ எனும்போது பின்வரும் இரண்டையும் பாருங்கள்:

```
f(x) = x + sin x cos x
g(x) = f(x) · e^(sin x)
```

இரண்டும் ∞ ஐ நெருங்குகின்றன. f′(x) = 2cos²x. g ஐப் பெருக்கல் விதியால் வகையிட்டால் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு cos x வருவதைக் காண்பீர்கள்:

```
g′(x) = e^(sin x) · cos x · (2cos x + x + sin x cos x)
```

இப்போது f′/g′ இல் ஒரு cos x ஐ நீக்கினால், தொகுதியில் 2cos x மட்டும் இருக்கிறது; அது 2 ஐத் தாண்டாது. பகுதியில் e^(sin x) என்பது 1/e க்குக் கீழே போகாது, அதனோடு பெருக்கப்படும் அடைப்புக்குறி x இன் அளவுக்குப் பெருகுகிறது. ஆகவே சுருக்கிய பின்னத்தின் எல்லை 0. ஆனால் மூலப் பின்னம் f/g = e^(−sin x), அது 1/e க்கும் e க்கும் இடையே என்றென்றும் ஊசலாடுகிறது, எல்லை இல்லை. விதி 0 என்கிறது, உண்மையில் எல்லையே இல்லை. cos x பூச்சியமாகும் ஒவ்வொரு புள்ளியிலும் g′ பூச்சியமாகிறது, எவ்வளவு தொலைவு போனாலும் அத்தகைய புள்ளிகள் இருந்துகொண்டே இருக்கின்றன. காரணியை நீக்கும்போது அந்தப் புள்ளிகளும் கண்ணுக்குத் தெரியாமல் நீங்கிவிடுகின்றன. மற்ற நிபந்தனைகள் முறிந்தால் விதி பெரும்பாலும் மௌனமாகிறது. இங்கே விடையே தவறாக வருகிறது என்பதால் இது ஆபத்தானது.

---

முதுகலை ஆசிரியர் எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு, ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் ஒரு பக்கத் தாளில் இதற்கு இடம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர் சந்திக்கும் கணக்குகளில் எல்லைப் புள்ளிக்கு அருகில் g′ முடிவின்றிப் பூச்சியமாகும் நிலை வராது. இருக்கும் இடத்தை "ஒவ்வொரு படியிலும் வடிவத்தைச் சரிபார்" என்பதற்கே ஒதுக்கவேண்டும். தாள் என்பது ஊருக்குப் போகும்போது கட்டும் மூட்டையைப் போன்றது. வழியில் எடுக்கப்போகாததைக் கட்டினால், எடுக்கவேண்டியது அடியில் போய்விடும்.

---

எப்சிலான் எழுதியது:

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஐயா. இருந்தாலும் "அருகில் g′ ≠ 0" என்ற ஒரு குறிப்பையாவது வைத்துக்கொள்ளலாம் என்பது என் நிலைப்பாடு. சார்பை எழுதவேண்டியதில்லை. நிபந்தனையே இல்லாமல் விதியைக் கற்றுக்கொண்டு கல்லூரிக்கு வருபவர்களிடம் அதைப் பிறகு சேர்ப்பது கடினமாக இருக்கிறது.

இன்னொன்றை விட்டுவிட்டேன். லோபிதால் என்ற பெயரில் பாடத்தில் இரண்டு கூற்றுகள் கலந்துவிடுகின்றன. ஒன்று, f′/g′ இன் எல்லையைப் பற்றியது. மற்றொன்று, f(a) = g(a) = 0, f′(a), g′(a) இரண்டும் உண்டு, g′(a) ≠ 0 எனில் எல்லை f′(a)/g′(a) என்பது. இரண்டாவது, வகைக்கெழுவின் வரையறையிலிருந்து நேரடியாகவே வருகிறது. x → 0 எனும்போது x² sin(1/x)/sin x ஐப் பாருங்கள், f(0) = 0 என்று வைத்துக்கொள்வோம். f′/g′ இல் cos(1/x) வந்து ஊசலாடுவதால் முதல் கூற்று மௌனமாகிறது. ஆனால் வரையறையின்படி f′(0) = 0, g′(0) = 1; இரண்டாம் கூற்று 0 என்ற விடையைத் தந்துவிடுகிறது. ஆகவே இவற்றைத் தாளில் இரு தனி வரிகளாக எழுதவேண்டும். ஒன்றின் நிபந்தனையை மற்றொன்றோடு சேர்க்கக் கூடாது.

---

கடைசி வரிசை எழுதியது:

அப்படியானால் x → 0 எனும்போது (sin x)/x க்கு இந்த விதியைப் பயன்படுத்தலாமா? நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறுகின்றன. ஆனால் பயன்படுத்தக் கூடாது என்று ஆசிரியர் ஒருவர் ஒருமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

---

எப்சிலான் எழுதியது:

பயன்படுத்தினால் விடை 1 என்று சரியாகவே வரும். மறுப்பு எங்கே எழுகிறது என்றால், sin x இன் வகைக்கெழு cos x என்பதை நிறுவுவதற்கே அந்த எல்லை தேவைப்படுகிறது. ஆகவே எல்லையை நிறுவும் இடத்தில் விதியைக் கொண்டுவந்தால் வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர்வோம். மதிப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம், நிரூபணமாகக் காட்டக் கூடாது என்று நான் சொல்வேன்.

---

முதுகலை ஆசிரியர் எழுதியது:

நான் அதையும் அனுமதிப்பதில்லை. அந்த எல்லை பதினொன்றாம் வகுப்பிலேயே தெரிந்த முடிவு. தெரிந்ததைத் தெரிந்ததாகவே எழுதலாம். எப்சிலானும் நானும் இதில் வேறுபடுகிறோம் என்று வரைதாள் குறித்துக்கொள்ளட்டும்.

---

வரைதாள் எழுதியது:

குறித்துக்கொண்டேன். g′ ≠ 0 என்பதைச் சிறிய எழுத்தில் வைத்திருக்கிறேன்; ஷ்டோல்ஸின் சார்பு தாளின் பின்புறத்திற்குப் போய்விட்டது. இப்போது எஞ்சியிருப்பது வளைவு மாற்றப் புள்ளி மட்டும்தான். "f″(c) = 0" என்று எழுதினால் போதாது என்று x⁴ காட்டுகிறது; அங்கே f″(0) = 0 ஆனாலும் இரு புறமும் மேற்புறக் குழிவுதான். ஆகவே "c இன் இரு புறமும் f″ இன் குறி மாறவேண்டும்" என்று மாற்றினேன். அதோடு f″(c) = 0 என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்கவேண்டுமா?

---

முதுகலை ஆசிரியர் எழுதியது:

சேர்க்கவேண்டாம். x^(1/3) க்கு x = 0 இல் இரண்டாம் வகைக்கெழுவே இல்லை, முதல் வகைக்கெழுவும் இல்லை. ஆனாலும் இடப்புறம் f″ மிகை, வலப்புறம் குறை. குழிவு மாறுகிறது, அங்கே செங்குத்தான தொடுகோடும் உண்டு. "f″ பூச்சியமாகும் அல்லது இல்லாத இடத்தில் தேடு, குறி மாற்றத்தால் உறுதிசெய்" என்று எழுதுங்கள். f அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 1/x க்கு 0 இன் இரு புறமும் குறி மாறுகிறது, ஆனால் அங்கே புள்ளியே இல்லை.

---

எப்சிலான் எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும். அந்தப் புள்ளியில் தொடுகோடு இருக்கவேண்டும் என்று சில நூல்கள் கேட்கின்றன, சில நூல்கள் தொடர்ச்சியோடு நின்றுவிடுகின்றன. x < 0 எனில் x², x ≥ 0 எனில் √x என்று வரையறுத்த சார்பு 0 இல் தொடர்ச்சியானது, குழிவும் மாறுகிறது; ஆனால் இடப்புறச் சாய்வு 0, வலப்புறம் அது செங்குத்தாக எழுகிறது. முதல் வகை நூல்களின்படி 0 வளைவு மாற்றப் புள்ளி அன்று, இரண்டாம் வகையின்படி ஆம். உங்கள் பாடநூலின் வரையறையைத் திறந்து பார்த்து, அதில் உள்ள சொற்களையே அந்த வரியில் எழுதுங்கள்.